ஊஞ்சல் பக்கவாட்டிலும் இழுக்கும்



குழந்தைக்கு வீட்டில் ஊஞ்சல் கட்ட வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "இந்த பீம் எத்தனை கிலோ தாங்கும் சார்?" நியாயமான கேள்வி. ஆனால் அடையாற்றிலோ தி. நகரிலோ ஒரு சாதாரண அடுக்ககத்தில் இருக்கும் கான்கிரீட் பீம், தன் மேல் உள்ள தளத்தையும் சுவரையும் டன் கணக்கில் இரவும் பகலும் சுமந்துகொண்டிருக்கிறது. பீம் ஆரோக்கியமாக இருந்தால், பேத்தியும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தாலும் அதற்கு அது பெரிய பாரமே இல்லை. ஊஞ்சல் அறுந்து விழுகிற வீடுகளில் பீம் அப்படியே இருக்கும். பீமும் சங்கிலியும் சந்திக்கிற அந்த அரை அடி உயரத்துக்குள்தான் ஏதோ ஒன்று கழன்றோ, தேய்ந்தோ, பிடுங்கிக்கொண்டோ வந்திருக்கும். இன்று அந்த அரை அடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் பாரக் கணக்கு. இருபது கிலோ குழந்தைக்கு ஊஞ்சல் கட்டுகிறோம் என்பதால் இருபது கிலோவை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஒரு நாள் தாத்தா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். உட்கார வேண்டும், அதற்காகத்தானே வீட்டில் ஊஞ்சல். ஆக எழுபதும் இருபதும் தொண்ணூறு கிலோ. ஆட்டம் நின்றிருக்கும்போது மேலே உள்ள கொக்கிகள் உணர்வது இந்தத் தொண்ணூறைத்தான். ஆட ஆரம்பித்ததும் கணக்கு மாறுகிறது. உயரத்திலிருந்து இறங்கி வரும் ஊஞ்சல், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது அதிக வேகத்தில் இருக்கும். நேராகப் பறந்து போக விரும்பும் அந்த உடம்பை வட்டப் பாதையில் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேலையும் சங்கிலிக்கு வந்து சேர்கிறது. சங்கிலி நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை சாயும் அளவுக்கு வீசி ஆடினால், கீழ்ப்புள்ளியில் இழுவை சரியாக இரு மடங்கு. தொண்ணூறு கிலோ நூற்றெண்பது ஆகிவிடும். 45 பாகை என்றால் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. சங்கிலி நீளமாக இருந்தால் பாரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீளம் எதுவானாலும், ஒரே கோணத்துக்கு ஒரே மடங்குதான்.

இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். ஊஞ்சல் கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. முன்னே போகும்போது கொக்கியை முன்னே இழுக்கிறது, பின்னே வரும்போது பின்னே இழுக்கிறது. அதே 60 பாகை ஆட்டத்தில் இந்தக் கிடைமட்ட இழுவை உட்கார்ந்திருப்பவரின் எடையில் எண்பது சதவீதத்தைத் தாண்டும். நம் கணக்கில் சுமார் 75 கிலோ, முன்னும் பின்னுமாக. ஏழு அடிச் சங்கிலியில் ஒரு முழு ஆட்டம் போய்வர மூன்று விநாடி ஆகும். நிமிடத்துக்கு இருபது ஆட்டம். குழந்தை தினமும் அரை மணி நேரம் ஆடினால் வருடத்தில் இரண்டு லட்சம் முறைக்கு மேல் அந்தக் கொக்கி முன்னும் பின்னும் அசைக்கப்படுகிறது. அசைவு சிறியதுதான். ஆனால் மரையைத் தளர்த்துவதும், ஓட்டையை அகலப்படுத்துவதும், கம்பியைத் தேய்ப்பதும் அந்தச் சிறிய அசைவுதான்.

மின்விசிறிக் கொக்கியில் ஊஞ்சல் மாட்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. அந்தக் கொக்கி, நான்கைந்து அங்குலத் தளத்தில், கான்கிரீட் போடும்போது ஒரு விசிறியை மனதில் வைத்துப் பதிக்கப்பட்டது. உள்ளே அது எந்தக் கம்பியின் மேல் வளைத்து மாட்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே மின்கம்பியும் ஓடுகிறது. குழந்தைதானே என்று தொட்டில் துணியைக்கூட அதில் கட்டாதீர்கள்.

சரி, எதில் மாட்டுவது? நம் பகுதியில் இரண்டு வகை வீடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வழி வேறு.

மயிலாப்பூரில் மாட வீதிகளையும் அவற்றைச் சுற்றிய தெருக்களையும் ஒட்டி இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் கூரை மெட்ராஸ் டெரஸ். கீழே கனமான தேக்கு உத்திரம். அதற்குக் குறுக்கே, நெருக்கமாக மரக்கட்டைகள். கட்டைகளுக்கு மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இந்த வீடுகளில் ஊஞ்சல் மாட்ட வேண்டியது உத்திரத்தில் மட்டுமே. குறுக்குக் கட்டைகளில் கூடாது. அவை செங்கல்லைத் தாங்க அளந்து போட்டவை. ஒரு கட்டையை மட்டும் தினமும் இழுத்து ஆட்டினால், முதலில் சுண்ணாம்புச் சாந்து உதிரும், பிறகு செங்கல் தளரும்.

உத்திரத்தின் மேல் முகத்தை அடைய முடியாதே, போல்ட்டை எப்படிப் பிடிக்க வைப்பது என்று கேட்பீர்கள். கூர்ந்து பார்த்தால் வழி கூரைக்குள்ளேயே இருக்கிறது. செங்கல் நிற்பது கட்டைகளின் மேல். கட்டைகள் நிற்பது உத்திரத்தின் மேல். ஆகவே இரண்டு கட்டைகளுக்கு நடுவே, உத்திரத்தின் மேல் முகத்துக்கும் செங்கல்லுக்கும் இடையில், ஒரு கட்டையின் உயரத்துக்கு இடைவெளி இருக்கும். சில வீடுகளில் அதைச் சாந்து வைத்து அடைத்திருப்பார்கள். அடைப்பை மட்டும் எடுத்துவிட்டால் கை நுழையும். அந்த வழியாக உத்திரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து கீழே ஐ போல்ட்டோடு சேர்த்துவிடலாம். மரத்தில் துளையே வேண்டாம். சிலர் உத்திரத்தின் அடியில் கனமான மரத் திருகாணிக் கொக்கியை முறுக்கி ஏற்றிவிடுகிறார்கள். மரநார் நன்றாக இருக்கும்வரை அது பிடிக்கும். ஆனால் பாரம் முழுவதும் மரையின் பற்களில் நிற்கிறது, பக்கவாட்டு அசைவு அந்தப் பற்களைச் சுற்றியுள்ள மரத்தைத்தான் நசுக்குகிறது. குழந்தை உட்காரும் இடத்துக்கு நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை.

பட்டை போடுவதற்கு முன்னால் உத்திரத்தின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் மழைநீர் கசிந்து மரம் மக்கும். கரையானும் அங்கிருந்துதான் ஏறும். ஒரு திருப்புளியால் அங்கே அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை நகக்குறி அளவுக்குத்தான் பதியும். அரை அங்குலம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், அந்த உத்திரத்தில் ஊஞ்சல் பேச்சையே விட்டுவிட்டு முதலில் கூரையைக் காப்பாற்றுங்கள். பல வீடுகளில் தாத்தா காலத்து இரும்பு வளையம் உத்திரத்திலேயே இருக்கும். அதைப் பயன்படுத்த ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வளையத்தின் உட்புறக் கீழ் விளிம்பு, சங்கிலி உரசும் இடம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். கீழேயிருந்து பார்த்தால் எல்லா வளையமும் முழுசாகத்தான் தெரியும்.

இனி அடுக்ககம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடையாறு காந்தி நகரில் இரண்டாவது மாடி. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒன்பது அங்குல அகல பீம் ஒன்று ஓடுகிறது, அதன் அடிமுகம் தரையிலிருந்து எட்டரை அடி. குழந்தைக்கு ஐந்து வயது. இருக்கையைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்தால் சங்கிலிக்கு ஏழு அடி கிடைக்கிறது.

வேலையாள் வந்ததும் செய்ய நினைப்பது பீமின் அடிமுகத்தில் மேல்நோக்கித் துளை போட்டு, ஆங்கர் அடித்து, கொக்கியை முறுக்குவது. இதை அனுமதிக்காதீர்கள். பீமின் கீழ்ப்பகுதி இழுபடும் பகுதி. அங்கே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருப்பது இயல்பு, அதற்காகத்தான் பிரதான கம்பிகளை அங்கே வைக்கிறோம். அந்த வெடிப்பில் ஆங்கரின் பிடி குறையும். துளையிடும்போது பிரதான கம்பியிலேயே மோதும் வாய்ப்பும் அதிகம்.

துளைக்குள் பசை ஊற்றிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் இருக்கிறதே என்பார்கள். நல்ல பொருள்தான், பல இடங்களில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தலைக்கு மேலே, எப்போதும் கீழ்நோக்கி இழுபடும் இடத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. 2006 ஜூலை 10ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், பசை ஆங்கர்களில் தொங்கிக்கொண்டிருந்த கான்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், வேகமாக இறுகும் வகைப் பசை அங்கே பயன்படுத்தப்பட்டிருந்தது. அது குறுகிய நேரப் பாரத்தை நன்றாகவே தாங்கும். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நெகிழ்ந்து நழுவும். நம் கூடத்தில் டன் கணக்கில் பலகை தொங்கவில்லைதான். ஆனால் துளையைத் தூசியில்லாமல் ஊதிச் சுத்தம் செய்தார்களா, பசை நிரம்பியதா என்று மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒன்றில் குழந்தையைத் தொங்கவிட வேண்டியதில்லை, ஏனென்றால் பார்க்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது.

அந்த வழி பீமைக் கட்டிப்பிடிக்கும் பட்டை. ஐம்பது மில்லிமீட்டர் அகலமும் ஆறு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டையை வெல்டிங் பட்டறையில் கொடுத்து, பீமின் அகலத்துக்கு 'ப' வடிவில் வளைத்து வாங்குங்கள். இரண்டு கைகளும் பீமின் இரு பக்கமும் ஏற வேண்டும். அடிப்பகுதி பீமின் அடிமுகத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே நிற்க வேண்டும், ஐ போல்ட்டின் நட்டுக்கு இடம் வேண்டுமே. பீமின் பக்கத்தில், அதன் உயரத்துக்கு நடுவில், கிடைமட்டமாக ஒரு துளை. பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று பீமை ஊடுருவி மறுபக்கம் வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கும். இப்போது பாரம் பசையிலோ ஆங்கர் பிடிப்பிலோ இல்லை. கான்கிரீட்டின் மேல் ஒரு இரும்புத் தண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கொக்கிக்கு இரண்டு பட்டை.

துளை போடுவதில் சில கவனங்கள். நடு உயரத்தில் பிரதான கம்பிகள் அநேகமாக இருக்காது, குறுக்கே கட்டிய ரிங்குகள்தான் இருக்கும். தூணுக்குப் பக்கத்தில் ரிங்குகள் நெருக்கமாக இருக்கும், அங்கே போகாதீர்கள். சாதாரண ஹேமர் டிரில் போதும். அது கம்பியில் பட்டால் முன்னேறாது, சத்தமும் மாறும். உடனே நிறுத்தி இரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டும். கம்பியையும் அறுத்துக்கொண்டு போகும் கோர் கட்டிங் எந்திரத்தை இதற்குக் கொண்டுவர விடாதீர்கள். பட்டை உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பூச்சின் மேல் இறுக்கிய போல்ட், பூச்சு நொறுங்க நொறுங்கத் தளரும். துளை போடும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள், குடியிருப்புச் சங்கத்திடமும் சொல்லிவிடுங்கள். பீம் உங்கள் கூடத்தில் தெரிந்தாலும், அது தாங்குவது மாடிவீட்டையும்தான்.

பொறியாளர் முதலில் பார்ப்பது பீமின் அடிமுகத்தை. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு வெடிப்பு, அதன் ஓரத்தில் பழுப்புக் கறை, தட்டினால் பொக்கென்ற சத்தம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெசன்ட் நகர், சாந்தோம், அடையாறு என்று கடற்காற்று படும் பகுதிகளில் இது அரிதல்ல. உப்புத் தன்மையுள்ள கிணற்று நீரில் கலந்த பழைய கான்கிரீட்டில் உள்ளிருந்தே இந்தத் துரு தொடங்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று நம் ஐ.எஸ். 456 தரநிலை வைத்திருப்பது இதனால்தான். அப்படிப்பட்ட பீமைப் பழுதுபார்த்த பிறகுதான் ஊஞ்சல்.

இனி ஐ போல்ட். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கம்பியை வளையமாக மடக்கி விட்டது, வளையத்தின் முனை சேராமல் ஒரு கீறல் தெரியும். மற்றது ஒரே துண்டாக அடித்துச் செய்தது, வளையத்துக்குக் கீழே அகலமான தோள் இருக்கும். மடக்கிய வகை துணிக்கொடிக்கு. நமக்கு வேண்டியது தோள் உள்ள வகை. ஜெர்மனியின் டி.ஐ.என். 580 தரத்தில் செய்த ஐ போல்ட்டுகளுக்கு அளவு வாரியாகப் பாதுகாப்பான பாரம் சொல்லப்பட்டிருக்கிறது. நேராக இழுத்தால் எம்10க்கு 230 கிலோ, எம்12க்கு 340 கிலோ. ஆனால் 45 பாகை சாய்வில் இழுத்தால் எம்10க்கு 170, எம்12க்கு 240 என்று இறங்கிவிடுகிறது. ஊஞ்சல் சாய்வாக இழுக்கும் சாதனம் என்பதால் நான் எடுத்துக்கொள்வது இந்தக் குறைந்த எண்களை. நம் தாத்தாவும் பேரனும் ஆடும்போது வரும் உச்சம் 180 கிலோ. இரண்டு கொக்கியும் அதைப் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், ஒன்று தளர்ந்தால் மற்றது ஒற்றையாகத் தாங்கியாக வேண்டும். எம்10 அங்கே தோற்கிறது. எம்12 ஜெயிக்கிறது. விலை வித்தியாசம் சொற்பம்.

இந்த எண்கள் எல்லாம் வளையம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உண்மை. ஊஞ்சல் ஆடும் திசையும் வளையத்தின் தட்டையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சோதிப்பது எளிது. ஊஞ்சலுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வளையத்தின் ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் வளையம் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். கொக்கிகள் தவறாக நிற்கும் வீடுகளில் முன்னாலிருந்து பார்த்தால் வட்டம் தெரியும். அப்படி இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வளையம் தன் பலவீனமான பக்கத்துக்கு வளைக்கப்படுகிறது, கழுத்தில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். சரியாகத் திருப்பி, தோள் பட்டையில் முழுவதும் படிய, மேலே நைலாக் நட் போட்டு இறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள அந்த நட் அதிர்வில் கழலாது. சாதாரண நட் கழலும்.

சங்கிலியில் என் ஆலோசனை சுருக்கமானது. எடைக்கு விற்கும் சங்கிலியை வாங்காதீர்கள். பாரிமுனையில் தூக்குக் கருவிகள் விற்கும் கடைகளில் பாரம் சோதித்த சங்கிலி கேளுங்கள். கண்ணிகளில் 8 அல்லது 80 என்று தர எண் பதித்திருக்கும். ஆறு மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலியின் பாதுகாப்பான பாரம் ஒரு டன்னுக்கும் மேலே. நமக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் முத்திரையும் சான்றும் தரம் தெரிந்த உலோகத்தை உறுதி செய்கின்றன. கும்பகோணம் பக்கத்துப் பித்தளைச் சங்கிலி, யானையும் கிளியும் வைத்தது, எனக்கும் மிகப் பிடிக்கும். பெரியவர்கள் மெல்ல ஆடும் பலகை ஊஞ்சலுக்கு அது அழகு. வீசி ஆடும் குழந்தைக்கு, பாரம் எழுதப்படாத வார்ப்புத் துண்டுகளின் கோவை வேண்டாம்.

சங்கிலியையும் வளையத்தையும் இணைக்க, பாரம் பொறித்த ஷேக்கிள் போடுங்கள். அதன் குறுக்கு ஆணி அவிழாதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள். நாய்ச் சங்கிலியில் வரும் ஸ்னாப் ஹூக் எங்குமே வேண்டாம். இருக்கையோடு வந்த எஸ் கொக்கி இருந்தால் இடுக்கியால் நசுக்கி மூடிவிட்டு, இடைவெளியில் ஏ.டி.எம். அட்டையை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இன்னும் மூட வேண்டும். அந்தச் சின்னத் திறப்பில்தான் சட்டை நூலும் கழுத்துக் கயிறும் மாட்டும்.

இடம் எவ்வளவு வேண்டும்? ஏழு அடிச் சங்கிலி 45 பாகை சாய்ந்தால் இருக்கை முன்னே ஐந்து அடி போகும். நீட்டிய கால் இன்னும் இரண்டு அடி. பின்புறமும் ஐந்து அடியும் முதுகும். ஆக பீமிலிருந்து முன்னே ஏழு, பின்னே ஆறு அடிக்குள் சுவரோ, மேசை விளிம்போ, டி.வி.யோ கூடாது. பால்கனியை நோக்கி ஆடும் ஊஞ்சலை நான் எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை. இடம் குறைவு என்றால் சங்கிலியின் நீளத்தைக் குறையுங்கள், வீச்சு தானாகக் குறையும்.

எல்லாம் முடிந்ததும் குழந்தை ஏறுவதற்கு முன் பாரம் ஏற்றிப் பாருங்கள். இருக்கைக்குப் பதிலாக உறுதியான பலகை, தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில். அதன் மேல் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை நான்கு. அல்லது இருபது லிட்டர் தண்ணீர் கேன் பத்து, எப்படியும் இருநூறு கிலோ. ஓர் இரவு முழுக்க அப்படியே விடுங்கள். விழுந்தாலும் இரண்டு அங்குலம்தான் விழும். மறுநாள் காலை, நட்டின் மேலும் பட்டையின் மேலும் முன்கூட்டியே பெயிண்டால் போட்டு வைத்த கோடு விலகியிருக்கிறதா, பூச்சில் புது வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூட்டைகளோடே மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஏனென்றால் நின்றிருக்கும் பாரம் பக்கவாட்டு இழுவையைச் சோதிப்பதில்லை.

அந்தப் பெயிண்ட் கோட்டை அழிக்காதீர்கள், அதுதான் பின்னாளில் உங்கள் காவலாளி. மாதம் ஒரு முறை அதைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கட்டாயமாக வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, ஏணியில் ஏறி ஷேக்கிளைக் கழற்றி, வளையத்தின் உள்விளிம்பையும் முதல் இரண்டு கண்ணிகளையும் துடைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள். தேய்மானம் முழுவதும் அங்கேதான் நடக்கும், கீழே கை படும் கண்ணிகள் பத்து வருடமானாலும் புதிதாகவே இருக்கும். கண்ணியின் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். ஆறு மில்லிமீட்டர் 5.4 ஆனால் அதன் காலம் முடிந்தது. ஆடும்போது கேட்கும் கிறீச் சத்தத்துக்கு எண்ணெய் விட்டு அடக்கிவிடுபவர்கள் உண்டு. எண்ணெய் விடுவதற்கு முன் அளந்து பாருங்கள். குழந்தை பிடிக்கும் உயரத்தில் சங்கிலிக்குத் தோட்டத்துக் குழாயை வெட்டி உறை போடும்போது, அந்த உறை மேல் கண்ணிகளை மறைக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.